பேனாவைத் திறக்குமுன்

கண்ணு, வீடு பிடித்துவிட்டது, முன்பணம் பேசியாயிற்று, பிப்ரவரி ஒன்றாம் தேதி குடிபோகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். சந்தோஷம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்து, தட்டச்சு இயந்திரக் காலம் தொட்டு கம்ப்யூட்டர் காலம் வரை உன் பெரியம்மா அடித்த ஒப்பந்தங்களுக்குக் கணக்கில்லை. பெயரும் தேதியும் எப்படித் தப்பாகிப் போகின்றன, பார்த்தவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை, பிறகு யார் அலைகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. அதில் உனக்கு உதவுகிறதை மட்டும் எழுதுகிறேன்.

1. வரைவை முதல் நாளே கேட்டு வாங்கு. கையெழுத்துப் போடப் போகிற இடத்தில் முதல் தடவையாக ஒப்பந்தத்தைப் படிக்க உட்காராதே. வீட்டுக்காரர், அவர் மனைவி, புரோக்கர், சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காபி ஆறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் கண் எழுத்தில் நிற்காது. “சார், வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று இரண்டு நாள் முன்பே கேட்டுவிடு. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும்தான் முத்திரைத்தாளில் அச்சாகும், மீதிப் பக்கங்கள் வெறும் தாள். உன் பெயரும் ஒப்பந்தத் தேதியும் வருவது அந்த முதல் பக்கத்தில்தான். முத்திரைத்தாளில் அச்சேறும் முன்பே பிழை தெரிந்தால் யாருக்கும் காலணா செலவில்லை. அச்சேறிய பிறகு தெரிந்தால், புதுத் தாளுக்கு யார் பணம் தருவது என்கிற முகச்சுளிப்பு தொடங்கிவிடும்.

2. பெயரைப் போனில் சொல்லாதே, எழுதிக் கொடு. நம் ஊரில் பெயர்ப் பிழை பாதி காதால் வருவது. உதாரணத்துக்கு உன் பெயர் கவிதா, அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள். ஆதாரில் Kavitha S என்று இருக்கும். பான் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து Kavitha Shanmugam என்று இருக்கும். நீ போனில் “கவிதா” என்று சொன்னதைக் கேட்டு டைப் அடிக்கிற பெண் Kavita S என்று போட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ‘தா’வுக்கு ஆங்கிலத்தில் ஒரு h சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு வழக்கம். சண்முகத்தை Sanmugam என்று எழுதுகிற வீடுகளும் இருக்கின்றன.

ஆகவே வரைவு வந்ததும் ஆதாரையும் பானையும் பக்கத்தில் வைத்துக்கொள். சொல்லாகப் படிக்காதே. நம் பெயரை நாமே படிக்கும்போது கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பார். அப்பா பெயரையும் அதே மாதிரி பார். ஆதாரிலும் பானிலும் பெயர் வேறுவேறாக இருந்தால், எது சரி என்று குழம்ப வேண்டாம். ஆதாரில் உள்ளபடி ஒரு தடவை எழுதி, அதன் பக்கத்திலேயே ‘பான் அட்டையில் இன்ன பெயர் கொண்டவர்’ என்று சேர்க்கச் சொல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒப்பந்தமே சொல்லிவிட்டால் பிறகு எந்த அலுவலகத்திலும் விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

3. வீட்டுக்காரர் பெயரையும் அதே அக்கறையோடு பார். பிள்ளைகள் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார்கள். உன் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பாய் அல்லவா? வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உன் வாடகை 14,000 என்றாள் அம்மா. அப்படியென்றால் வருஷத்துக்கு 1,68,000. கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒப்பந்தத்தில் இருக்கிற பெயரையும் பானில் இருக்கிற பெயரையும் ஒத்துப் பார்ப்பார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்றால் உன் மேசைக்குக் கேள்வி வரும்.

அவருடைய பெயர் சரியா என்று உனக்கு எப்படித் தெரியும்? சொத்து வரி ரசீதின் நகலைக் கேள். வாடகைக்கு விடுகிறவர்கள் அதைக் காட்டத் தயங்குவதில்லை. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ரசீதில் அம்மா பெயர், ஒப்பந்தத்தில் மகன் பெயர் என்றால் அது எழுத்துப் பிழையே இல்லை, வேறு விஷயம். அம்மா சார்பில் கையெழுத்துப் போட மகனுக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடு.

4. தேதியை விரல் விட்டு எண்ணிப் பார். பெயர்ப் பிழை அலைய வைக்கும், தேதிப் பிழை பணத்தையே கேட்கும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. பிப்ரவரி 1, 2026-இல் தொடங்கினால் டிசம்பர் 31, 2026-இல் முடிய வேண்டும். பிப்ரவரி, மார்ச் என்று விரல் விட்டு எண்ணினால் டிசம்பர் பதினொன்றாவது. பலர் ஜனவரி 31 என்று போட்டுவிடுவார்கள், அது பன்னிரண்டு மாதம். ஆனால் தை மாதத்தில் அடிக்கிற ஒப்பந்தங்களில் நான் அதிகம் பார்த்த பிழை வேறு. புது வருஷம் பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், விரலுக்குப் பழைய வருஷமே பழக்கம். ‘01.02.2025 முதல் 31.12.2026 வரை’ என்று விழுந்துவிடும். ஒரே ஒரு இலக்கம்.

அந்த ஒரு இலக்கம் என்னென்ன செய்கிறது பார். முதலாவது, நீ 2025 பிப்ரவரியிலேயே அந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டதாகத் தாள் சொல்கிறது. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். ஆனால் 12 மாத வாடகை, அதாவது 1,68,000 ரூபாய், நீ கொடுத்ததற்கு ரசீது இல்லை. நல்ல வீட்டுக்காரர் அதைக் கேட்கமாட்டார். அவருக்குப் பிறகு கணக்குப் பார்க்க வருகிற மகனோ மருமகனோ நல்லவரா என்று உனக்கோ எனக்கோ தெரியாது. இரண்டாவது, காலம் 11 மாதத்திலிருந்து 23 மாதமாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். எல்லாரும் 11 மாதம் என்று போடுவதே அதனால்தான். பதியாத 23 மாத ஒப்பந்தத்தை, தகராறு என்று வந்தால், அதன் நிபந்தனைகளுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. வாடகை எவ்வளவு, முன்பணம் எப்போது திரும்பும், காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று நீங்கள் பேசி எழுதியதெல்லாம் வலுவிழந்து போகும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் இருக்கிற வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in தளத்தில் பதிகிறார்களே, அது வாடகை அதிகாரியிடம் செய்கிற வேறு பதிவு. இதற்கு அது ஈடாகாது. அங்கேயும் பெயரும் தேதியும் தாளில் உள்ளபடிதான் ஏறும்.

‘பதினொரு மாதம்’ என்று எழுத்தில் இருந்து, தேதி மட்டும் 23 மாதம் காட்டினால்? எது செல்லும் என்று இரண்டு வக்கீல்கள் இரண்டு விதமாகப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு நீ காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. ‘பிப்ரவரி 1-லிருந்து’ என்று மட்டும் போட்டால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி காலத்தைக் கணக்கிடும்போது அந்த முதல் நாள் சேராது. ‘2026 பிப்ரவரி 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை, இரண்டு நாளும் உட்பட’ என்று மாதத்தை எழுத்தால் எழுதச் சொல். 02.03 என்று இருந்தால் மார்ச்சா பிப்ரவரியா என்று தலையைச் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள். பிப்ரவரி என்று இருந்தால் யாரும் சொறிய மாட்டார்கள்.

5. நடுப்பக்கங்களில் பழைய குடித்தனக்காரரைத் தேடு. சிரிக்காதே. எந்த டைப்பிங் கடையிலும் ஒப்பந்தம் புதிதாக அடிக்கப்படுவதில்லை. போன வருஷத்துக் கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, புதுப் பெயரில் சேமிப்பார்கள். முதல் பக்கத்தில் மாற்றுவார்கள். மூன்றாம் பக்கத்தில், மின்கட்டணம் யார் கட்டுவது என்று சொல்கிற பத்தியில், போன குடித்தனக்காரர் நிம்மதியாகக் குடியிருப்பார். முன்பணக் காசோலையின் தேதி அவருடையதாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே அச்சாகியிருக்கிற பெயரும் அவருடையதாக இருக்கலாம். முதல் பக்கம் சரி என்றதும் தாளை மூடிவிடாதே. பென்சிலை எடுத்து, எங்கெல்லாம் ஒரு மனிதர் பெயர் வருகிறதோ, எங்கெல்லாம் ஒரு தேதி வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு வட்டம் போடு. பிறகு வட்டங்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார். முத்திரைத்தாளின் பின்புறம் இருக்கிற விற்பனைத் தேதியையும் பார்த்துக்கொள். ஒப்பந்தத் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால், தாள் வாங்கும் முன்பே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். அதைவிடக் கேவலமான பொய் சாட்சி வேறு இல்லை.

6. சொல்லும்போது ஆளைச் சொல்லாதே, இடத்தைச் சொல். பிழையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. வீட்டுக்காரர் முகம் கோணாமல் திருத்த வைப்பது மீதி. “நீங்க தப்பாப் போட்டிருக்கீங்க” என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். “அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா” என்று வரும் பதில். நாலு பேர் முன்னால் சொன்னால் இன்னும் மோசம். தனியாக, எழுத்தில், எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று அனுப்பு. உனக்காக ஒன்று எழுதியே தருகிறேன்:

“வணக்கம் சார். ஒப்பந்த வரைவு படித்தேன். வாடகை, முன்பணம் எல்லாம் நாம் பேசியபடியே இருக்கிறது. மூன்று இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும்.
பக்கம் 1, மூன்றாம் வரி: Kavita S என்று இருக்கிறது. Kavitha S என்று வேண்டும். ஆதார் படம் இணைத்திருக்கிறேன்.
பக்கம் 2, முதல் பத்தி: 01.02.2025 என்று இருக்கிறது. 2026 பிப்ரவரி 1 என்று வேண்டும்.
பக்கம் 3, ஒன்பதாம் பத்தி: முன்பு குடியிருந்தவர் பெயர் இருக்கிறது. அங்கே என் பெயர் வர வேண்டும்.
திருத்திய வரைவை அனுப்பினால் பார்த்துவிட்டு இன்றைக்கே சரி சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு முத்திரைத்தாளில் அச்செடுத்துக்கொள்ளலாம். நன்றி சார்.”

இதில் எங்கேயும் ‘தப்பு’ என்கிற சொல் இல்லை, கவனித்தாயா? சரியாக இருப்பதை முதலில் சொன்னதால், ஒப்பந்தத்தையே குலைக்க வந்தவள் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். டைப்பிங் கடைக்காரருக்கும் அவர் இதை அப்படியே திருப்பி அனுப்பலாம், விளக்க வேண்டிய வேலை இல்லை. பிழைத் திருத்தத்தோடு சேர்த்து “வாடகையில ஐந்நூறு குறைங்க சார்” என்று ஒரு வரி நுழைக்காதே. அப்புறம் நீ சொன்ன எழுத்துப் பிழைகூட பேரத்தின் தந்திரமாகத் தெரியும்.

7. உனக்கு ஆதாயமான பிழையையும் அதே செய்தியில் சொல்லிவிடு. பிப்ரவரிக்குப் பதில் மார்ச் என்று விழுந்திருந்தால் ஒரு மாத வாடகை உனக்கு மிச்சம் போலத் தோன்றும். என் கடைக்கு வந்த ஒரு பையன் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டான். முதல் மாதமே வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தேதியைத் திருத்திக் கொடுத்தான்தான். ஆனால் காலி செய்கிற வரைக்கும் அவன் கொண்டுவந்த ஒவ்வொரு ரசீதையும் அந்த மனிதர் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். 14,000 ரூபாய்க்கு அந்தப் பெயரை வாங்குவது நஷ்ட வியாபாரம்.

8. “முதல்ல கையெழுத்துப் போடும்மா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றால் சம்மதிக்காதே. எல்லாரும் நல்ல மனசோடுதான் அப்படிச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மாற்ற இரண்டு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுத வேண்டும். அப்பாவின் சிநேகிதர் வீடு என்பதால் கூச்சப்பட்டு, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரு பெண் எனக்குத் தெரியும். முகவரிச் சான்றாக அந்தத் தாளைக் கொடுத்த இடத்தில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திருத்தலாம் என்று போனால் வீட்டுக்காரர் மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருந்தார். அவர் திரும்பும்வரை அவள் காத்திருந்தாள். வெட்கம் ஒரு நிமிஷம், பத்திரம் பதினொரு மாசம்.

அச்சான முத்திரைத்தாளை வீணாக்க வேண்டாமே என்று அவர்கள் தயங்கினால், “புதுத் தாளுக்கு நான் தர்றேன் சார்” என்று சொல்லிவிடு. உன் பிழை இல்லைதான். ஆனாலும் பாதி வீடுகளில் இந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

9. பேனாவால் திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்து, கதவு எண்ணில் ஒரு இலக்கம் என்றால் மறு அச்சு இல்லாமல் கையாலேயே திருத்தலாம். பிழையான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் என்ன இருந்தது என்று படிக்க முடிகிற மாதிரி. சரியான சொல்லை மேலே முழுதாக எழுதி, ஓரத்தில் நீயும் வீட்டுக்காரரும் சுருக்கொப்பம் போட வேண்டும். உன்னிடம் இருக்கும் பிரதியிலும் அவரிடம் இருக்கும் பிரதியிலும் அதே மாதிரி. வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது, 5-ஐ வளைத்து 6 ஆக்கக் கூடாது. அடித்தலும் திருத்தலும் உள்ள இடத்தில் எழுதிக் கொடுத்தவர்களின் ஒப்பம் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அந்த ஆவணத்தைப் பதிய மறுக்கலாம். காலத்தின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் மட்டும் கையால் திருத்த ஒத்துக்கொள்ளாதே. அவற்றில் ஒரு கீறல் இருந்தாலும், யார் எப்போது கீறினார்கள் என்று பிறகு சந்தேகம் கிளம்பும். அந்தப் பக்கத்தை மறுபடி அச்செடுக்கத்தான் வேண்டும்.

10. திருத்தி வந்ததை மறுபடி முழுதாகப் படி. ‘சரி பண்ணியாச்சு’ என்று வந்த தாளில் புதுப் பிழை இருக்கும். முதல் பக்கத்தில் h சேர்ந்திருக்கும், கடைசிப் பக்கத்தில் சேர்ந்திருக்காது. தொடக்க வருஷம் 2026 ஆகியிருக்கும், கூடவே முடிவு வருஷம் 2027-க்கு நகர்ந்திருக்கும். நீ பென்சிலில் வட்டம் போட்ட பழைய வரைவை இடது கையில் வைத்துக்கொண்டு புதியதைப் பார். எல்லாம் சரியாக இருந்தால் தாமதம் செய்யாமல் “சரியாக இருக்கிறது சார், அச்செடுக்கலாம்” என்று அனுப்பு. சாட்சியின் தெருப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கெல்லாம் மூன்றாம் தடவை திருப்பி அனுப்பி அவரைச் சோதிக்காதே. ஆள் யார், வீடு எது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எவ்வளவு பணம் என்பதில் பிசகில்லை என்றால் போதும்.

வரைவு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வை. ராத்திரி ஒன்பது மணிக்குள் அனுப்பு. அதற்கு மேல் என் கண்ணும் 2025-ஐயும் 2026-ஐயும் ஒன்றாகத்தான் பார்க்கும்.